லாரி வரும் வரை திறந்திருக்கும்

வேம்புவின் முடிதிருத்தும் கடை வாசலில், வெயில் ஏறுவதற்கு முன்பே ரமாபாய் டீச்சர் வந்து நின்றுவிடுவார். உள்ளே போகமாட்டார். முறைக்காகக் காத்திருக்கும் யாராவது ஒருவர் முகத்துக்கு முன்னால் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார். அந்தப் பேப்பரின் முதுகு தெருவைப் பார்த்தபடி இருக்கும். டீச்சர் படிப்பது அந்த முதுகைத்தான். கிட்டப் பார்வை மங்கிப்போனாலும் தூரப் பார்வை பருந்துக்குச் சமம். கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்தி, பத்தி பத்தியாக இறங்குவார். உள்ளே இருப்பவர் பக்கத்தைப் புரட்டப் போனால் வாசலிலிருந்து குரல் வரும்.

"திருப்பாதேப்பா. கடைசிப் பத்தி பாக்கி."

தெருவுக்குப் புதிதாக வந்த கண்டெய்னர் லாரி டிரைவர் ஒருவர் ஒருநாள் திகைத்துப்போனார். "இன்னா மாமு இது, என் கையில கீற பேப்பரை அந்தம்மா படிக்குது?"

"படிச்சா தேஞ்சா பூடும்?" என்றார் வேம்பு, கத்தரிக்கோலை நிறுத்தாமல். "ஆடாம புடி. எனக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததே அந்தம்மாதான்."

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் சந்துகளில் ஒன்றில் டீச்சருக்கு வீடு. ராயபுரத்து மாநகராட்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் அவர் ஒருமுறை ‘உஷ்’ என்று சொன்னபோது வெளியே போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டி நின்றுவிட்டதாகவும், கார்டு இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே வண்டி நகர்ந்ததாகவும் பழைய மாணவர்கள் சத்தியம் செய்வார்கள். கார்டு இறங்கி வந்ததை நம்பாவிட்டாலும் வண்டி நின்றதை நம்பலாம். அப்படிப்பட்ட குரல்.

சந்தில் பேப்பர் வாங்கிப்போடும் இடங்கள் இரண்டு. ஒன்று வேம்புவின் கடை, மற்றொன்று டீக்கடை. இரண்டிலும் பெஞ்சு நிறைய ஆண்கள். முச்சந்தியில் ஒரு படிப்பகம் இருந்தது. அதன் கொடிக்கம்பம் மிச்சம், கூரை போய்விட்டது. இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிற பெண்களுக்கும், வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கும், தெரு முழுக்கத் தேடினாலும் உட்கார்ந்து ஒரு பேப்பரைப் பிரிக்க இடம் கிடையாது. அவர்களுக்கு வந்து சேரும் எழுத்தெல்லாம் மளிகைப் பொட்டலத்தின் கிழிசல்தான். டீச்சரின் நெஞ்சில் உறுத்தியது இதுதான். வீட்டின் முன் அறையைப் படிப்பகம் ஆக்கிவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்தது, இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துக் கோடையில், வேம்புவின் கடை வாசலில் கால் கடுத்து நின்ற ஒரு காலையில்.

தீர்மானித்தால் மட்டும் போதாது. வீடு மகன் பீம்ராவ் பெயரில் இருந்தது. அவன் புனேயில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துக் கடன் போட்டு வாங்கிய வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். டீச்சர் விஷயத்தைத் தொடங்கியதுமே அவன் முந்திக்கொண்டான்.

"எம்மா, முன் ரூமை மளிகைக் கடை வெள்ளத்துரைக்கு சொல்லிட்டேன்மா. தண்ணி கேன் அடுக்குறதுக்கு. ஊர்ல கோயில் கொடை முடிஞ்சு வந்ததும் எறக்குவாரு."

"படிப்பகம்னு சொன்னேனே."

"யாரும்மா வருவாங்க? சீட்டாடுறவன் வருவான். அவன் பின்னால கட்சிக்காரன் வருவான், கொடி நட்டுட்டுப் போவான். நம்ம முச்சந்தியிலயே பாக்கலையா? வரவேண்டியவங்க யாரும் வரமாட்டாங்க. வீணா ஒடம்பைக் கெடுத்துக்காதம்மா."

டீச்சர் போனை வைத்துவிட்டார். அவருக்கு மகனைத் தெரியும். போனில் பேசினால் பாதியிலேயே மடக்கிவிடுவான். குரலில் அவன் தாயைக் கொண்டு பிறந்தவன். கடிதத்தில் அது நடக்காது. எழுதி முடிக்கும் வரை எதிராளி வாயைத் திறக்க முடியாது என்பது கடிதத்தின் பெரிய சௌகரியம். அன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய் நீலநிற இன்லண்டு ஒன்று வாங்கி வந்தார். ஏன் ஒன்றே ஒன்று என்றால், இடம் குறைந்தால்தான் மனிதன் வளவளவென்று எழுதமாட்டான் என்பது அவருடைய வகுப்புப் பாடம்.

‘அன்புள்ள பீம்ராவ், நீ கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் தருகிறேன். செய்து பார்க்காமல் ஒன்றையும் எழுதமாட்டேன், ஆகையால் இந்தக் கடிதம் வந்து சேரத் தாமதமாகும்’ என்று தொடங்கிவிட்டுப் பேனாவை மூடினார்.

சீட்டாட்டக்காரர்களைத்தான் முதலில் கையில் எடுத்தார். அவர் கண்டவரையில், முதுகு சாய இடம் கொடுத்தால் தூங்குவான், சம்மணம் போட இடம் கொடுத்தால் சீட்டுப் போடுவான், நிற்க மட்டும் இடம் கொடுத்தால் படிப்பான். பள்ளியில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட கரும்பலகைகளில் இரண்டை முன்பே எடுத்து வைத்திருந்தார். தச்சரைக் கூப்பிட்டு அவற்றை மார்பு உயரத்துக்குச் சாய்த்து, சுவரோடு சேர்த்து அடிக்கச் சொன்னார். அடியில் பேப்பர் நழுவாமல் ஒரு விளிம்புக் கட்டை. பாதிரியார் பிரசங்க மேடை மாதிரி இருக்கிறது என்றார் தச்சர். "நின்னுக்கினே படிச்சா கால் வலிக்காதா டீச்சர்?" என்றும் கேட்டார். "வலிச்சா போயிடுவான். அடுத்தவன் வருவான்" என்றார் டீச்சர். உட்காருவதற்கென்று கோரைப்பாய்கள் மட்டும், அதுவும் பெண்கள் படிக்கும் மூலையில்.

கட்சிக்காரர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அன்றே மூன்று கட்சியிலிருந்தும் ஆள் வந்தது. ஒருவர் கேரம் பலகை தருவதாகச் சொன்னார், ஒருவர் மின்விசிறி, மூன்றாமவர் கம்பம் மட்டும் நட்டுக்கொள்கிறோம் என்றார். எந்த நிறத்தில் பெயர்ப்பலகை எழுதினாலும் அது யாருக்காவது சொந்தமாக இருந்தது. சிவப்புக்கு ஒருவர், பச்சைக்கு ஒருவர், மஞ்சளுக்கு ஒருவர். நீலம் டீச்சருக்கே சொந்தம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா காலத்திலிருந்து அவர் குடும்பத்தின் நிறம். அதையும் அடிக்க அவர் சம்மதிக்கவில்லை. ‘நீலம் என் நெஞ்சில் இருக்கிறது, சுவரில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்’ என்று மகனுக்கு எழுதினார். ‘சுண்ணாம்பின் மேல் கரித்துண்டால் எழுதியிருக்கிறேன். கரிக்கு இன்னும் யாரும் கொடி தைக்கவில்லை.’

பேப்பர் ஏற்பாடு தனிக் கலை. காலைப் பேப்பர் இரண்டு, மதியம் வரும் மாலைப் பேப்பர் ஒன்று என்று ஏஜென்டிடம் சொல்லிவைத்தார். ஒரு பேப்பரை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் வந்ததும் பிளேடால் மடிப்போரம் கீறித் தாள் தாளாகப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் மெல்லிய ரீப்பர்க் கட்டையில் மைதாப் பசை போட்டு ஒட்டினால், விசிறி மாதிரி கையில் பிடிக்கலாம். ஒரு பேப்பர் எட்டுப் பேருக்கு ஆகும். காற்றில் பறக்காது, பொட்டலம் மடிக்கக் கிழித்துக்கொண்டும் போக முடியாது. வார இதழ்களுக்குக் குத்தூசியும் நூலும். ஸ்டேப்ளர் பின் போட்டால் இந்தக் கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருவேறி, துரு தாளைத் தின்றுவிடும் என்பதை அவர் பள்ளி வருகைப் பதிவேடுகளிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டவர். வேலை விளம்பரம் வரும் தாளுக்குத் தனி ஆணி. பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கும் பென்சிலும் துண்டுக் காகிதங்களும். எழுதிக்கொண்டு போக வழி இருந்தால் கிழித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

துறைமுகப் பக்கமிருந்து வரும் நிலக்கரித் தூள் வேறு. காலையில் வெள்ளையாக வைத்த தாள், மத்தியானம் பார்த்தால் விதவை வீட்டுச் சுவர் மாதிரி இருளோடிக் கிடக்கும். கிழக்கு ஜன்னலுக்குச் சாக்குத் திரை போட்டார். இறால் உரித்துவிட்டு வரும் கைகளுக்காக வாசலில் ஒரு டின் நிறையத் தவிடு. வாடை தாளை ஒன்றும் செய்யாது, ஈரம்தான் செய்யும். கழுவுவதற்கோ தண்ணீர் இல்லாத ஊர். தவிட்டில் கையைப் புரட்டி உதறினால் உலர்ந்துவிடும்.

எல்லாம் தயாரானதும் டீச்சர் நேர அட்டவணை போட்டார். காலையில் எல்லோருக்கும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பெண்களுக்கு மட்டும். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் "வரோம் டீச்சர், கண்டிப்பா" என்றார்கள்.

ஆண்கள் வந்தார்கள். நின்று படித்தார்கள், கால் வலித்ததும் போனார்கள். கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய நாள்கணக்கில் சாலையோரம் காத்துக் கிடக்கும் ஊர் ஆகையால் டிரைவர்களும் கிளீனர்களும் வந்தார்கள். மூன்று மணிக்கு டீச்சர் பாயை விரித்து, கைமணியை அடித்துவிட்டு உட்காருவார். ஒருவரும் வரவில்லை. முதல் வாரம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. நடுவில் ஒருநாள் ஆடு ஒன்று வந்து ராசிபலன் பக்கத்தில் மேஷத்திலிருந்து கும்பம் வரை தின்று முடித்தது. தன் ராசியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டதாக டீச்சர் வேம்புவிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து இன்லண்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. பசை தடவி மடிக்கும் கடைசி மடல் மட்டும் பாக்கி. ‘யாரும்மா வருவாங்க’ என்ற கேள்விக்கு அதில்தான் பதில் எழுத வேண்டும். பொய் எழுத அவருக்கு வராது. தெருவுக்கே கதை அளப்பவர்தான், ஆனால் மகனுக்கு எழுதும் கடிதம் என்றால் அவருக்கு விடைத்தாள் மாதிரி.

வெள்ளத்துரையின் கடையில் அவருடைய மைத்துனன் சொன்னான், கொடை பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும், முடிந்ததும் அத்தான் ரயில் ஏறிவிடுவார் என்று.

அடுத்த நாள் மூன்று மணிக்கு டீச்சர் மணியை அடிக்கவில்லை. படியில் நின்று தெருவைப் பார்த்தார். எதிர்ப்புறம் முனையில் தண்ணீர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும் கறுப்புத் தொட்டி. அங்கிருந்து ஆரம்பித்து பிளாஸ்டிக் குடங்கள் பச்சை, சிவப்பு, ஊதா என்று சந்து முழுக்க வளைந்து கிடந்தன. குடங்களுக்குப் பக்கத்தில், அவர் வீடு வீடாகப் போய் அழைத்த அத்தனை பெண்களும் வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இறால் கொட்டகையில் வேலை செய்யும் குப்பம்மாதான் அந்த வரிசைக்கு ராணி. டீச்சர் அவளிடம் போய் நின்றார்.

"ஏம்மா குப்பம்மா, வரேன்னு சொன்னியே."

"எப்டி டீச்சர் வர்றது? மூணு மணிக்கு மேல எப்ப வேணா லாரி வரும். நாலுக்கும் வரும், ஆறுக்கும் வரும். உன் மணிக்கு நான் வந்தா என் கொடத்துக்கு யாரு மணி அடிப்பா?"

"இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லலை?"

குப்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு தெரியும்னு நெனச்சோம். தண்ணி குடிக்கிற இல்ல?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. அவர் குடிப்பது வெள்ளத்துரை கடையிலிருந்து வரும் கேன் தண்ணீர். புழங்குவதற்கு வீட்டு அடிகுழாயில் உப்புத் தண்ணீர். ஊரே வறண்டு கிடந்த அந்தக் கோடையில் ஒருநாள்கூட அவர் குடத்தோடு தெருவுக்கு வந்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் நேரம் சொல்லும் லாரி அவருடைய அட்டவணையில் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

அன்றே கேனை நிறுத்தினார். பச்சைக் குடம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வரிசையின் வாலில் வைத்தார். இரண்டு நாள் வெயிலில் அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் குப்பம்மாவிடம் பேச்சை எடுத்தார்.

"வரிசை இந்தப் பக்கமாத்தான் வளையணும்னு இருக்கா? என் சுவரை ஒட்டி வந்தா என்ன?"

"வந்தா?"

"ஜன்னல் வழியா குடம் தெரியும். நீங்க உள்ள நிழல்ல உட்காரலாம். அவரவர் குடம் அவரவர் கண்ணுக்கு முன்னால."

குப்பம்மா யோசித்தாள். குடம் வரிசை சாதாரண விஷயம் அல்ல. வைத்தவள் கை தவிர இன்னொரு கை குடத்தைத் தொடக்கூடாது. தவறிக் கால் பட்டால்கூட, பட்டவர் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கவுன்சிலரின் ஸ்கூட்டர் ஒருமுறை ஒரு குடத்தை உரசிவிட்டு, அதற்கு அப்புறம் அந்த வழியாகவே வராமல் போனதாகப் பேச்சு உண்டு. அப்படிப்பட்ட வரிசையை இடம் மாற்றுவது என்றால் ரயில் பாதையைத் திருப்புகிற மாதிரி.

"சன்னல்ல இருந்து என் கொடம் தெரியலைன்னு வெய்யி, உன் பேப்பரைக் கொளுத்திடுவேன்" என்றாள் கடைசியில். அது சம்மதம்.

டீச்சர் கரித்துண்டை எடுத்து மூன்று மணி, ஐந்து மணி எல்லாவற்றையும் அழித்தார். ‘குடம் வைத்ததிலிருந்து லாரி வரும் வரை திறந்திருக்கும்’ என்று எழுதினார். சாக்குத் திரையைச் சுருட்டி மேலே கட்டினார். தூள் வந்தால் வரட்டும், குடம் தெரிய வேண்டும்.

முதல் நாள் குப்பம்மாவும் அடுத்த குடத்துக்காரி தாயம்மாவும் மட்டும், கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியோடு நின்றுகொண்டார்கள். இரண்டாம் நாள் பாயின் விளிம்பு. அப்புறம் தவிட்டு டின்னில் கை விழுந்துகொண்டே இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்கள் படிக்கிறவர்களை அதட்டினார்கள்.

"சத்தமா படிடீ. உனக்கு மட்டுமா போட்டுகீறான்?"

எல்லோரும் முதலில் கேட்டு வாங்கியது சினிமாப் பக்கம் அல்ல; மூலையில் சின்னதாக வரும் ஏரி நீர்மட்டம். தாயம்மா நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். "பூ… ண்டி. பூண்டி. சோ… ழ… வரம்." அறையே மூச்சடக்கிக் காத்திருக்கும்.

"இன்னாடி, எறங்கிச்சா ஏறிச்சா?"

"எறங்கிகீது."

"செங்குன்றம்?"

"இரு, இப்பத்தான் செ போட்டுக்கினு கீறேன்."

ஏரியில் தண்ணீர் குறையக் குறைய தாயம்மாவின் வாசிப்பு வேகம் கூடியது. ரேஷன் மண்ணெண்ணெய்ச் செய்தி, பள்ளியில் சேர்க்கும் தேதி, எண்ணூர் ரயில் நேர மாற்றம் என்று அவள் மற்ற பத்திகளுக்கும் போக ஆரம்பித்தாள். "லாரி எப்ப வரும்னு மட்டும் எந்தப் பேப்பர்லயும் போட மாட்றானே" என்று குப்பம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அவள் தானாக ஒரு தாளைக் கையில் பிடித்து டீச்சர் அதுவரை பார்க்கவில்லை. அன்றைக்குத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் கையில் இருந்த தாளைச் சரசரவென்று தலைகீழாகத் திருப்பினார். குப்பம்மாவும் திருப்பினாள்.

வெள்ளத்துரை வந்தது அப்படி ஒரு பிற்பகலில். நெற்றியில் கொடைக்குப் பூசிய திருநீறு இன்னும் கலையாத மாதிரி இருந்தார். பின்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி படபடவென்று புகை விட்டுக்கொண்டு, தண்ணீர் கேன்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கடைப் பையன் ரோஷன். வண்டிக்கும் டீச்சர் வீட்டு வாசலுக்கும் நடுவே சுவரை ஒட்டிக் குடங்கள்.

"என்ன டீச்சர், கொடத்தையெல்லாம் இங்க கொண்டாந்துட்டாளுவ? மவன் சொல்லியாச்சுல்லா, கேனை எறக்கிருதேன்."

"எறக்கு" என்றார் டீச்சர், வாசற்படியில் நின்றபடி. கையில் இன்லண்டு இருந்தது. "வழி இருந்தா எறக்கு."

வெள்ளத்துரை குடங்களைப் பார்த்தார். கடை வைத்துப் பிழைப்பவர் அவர். தெரு வழக்கம் அத்தனையும் தெரியும். ரோஷன் காலை நீட்டப் போனான். "டேய், தொட்ராத" என்று பதறித் தடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யக்கா, இந்தப் பச்சைக் கொடம், செவப்புக் கொடம், இதெல்லாம் யாருது? கொஞ்சம் ஒதுக்குங்க தாயி."

"செவப்பு என்துதான்" என்றது குப்பம்மாவின் குரல். "பக்கம் முடிச்சிட்டு வரேன். நில்லு."

"ஊதா?"

"நானும் முடிச்சிட்டு வரேன் மொதலாளி. பாதியில கீது" என்றாள் தாயம்மா.

"பச்சை?"

"அது என் குடம்" என்றார் டீச்சர். "எனக்கு இப்போ கைவேலை இருக்கு."

உள்ளே சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. வெள்ளத்துரை வெயிலில் நின்று பார்த்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் கேன் தண்ணிய வேண்டாம்னு சொன்னீயளாமே. மச்சினன் சொன்னான்" என்றார் கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"வரிசையில நிக்க ஆரம்பிச்சேன், வெள்ளத்துரை. உன் தண்ணியில குறை ஒண்ணும் இல்லை. உள்ள நிழலா இருக்கு, வா. செருப்பை விட்டுட்டு வா."

குடங்களுக்கு நடுவே பாதம் படாமல், கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவர் உள்ளே வந்தார். நிற்க மட்டுமே இடம் இருந்தது. சும்மா நிற்க முடியாமல் கரும்பலகைச் சாய்விலிருந்து ஒரு ரீப்பர்க் கட்டையைக் கையில் எடுத்தார். மாநிலத்து அணைகளின் நீர்மட்டம் போட்டிருந்த தாள் அது. அவர் விரல் மளமளவென்று கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"பாபநாசம்" என்றார் தனக்குத்தானே. "ஏறியிருக்குல்லா. நான் ரயில் ஏறின அன்னைக்கு மேற்க கருக்கலா கெடந்துச்சு."

"இன்னா, உங்க ஊர்ல மழையா?" என்று பாயிலிருந்து எட்டிப் பார்த்தாள் குப்பம்மா. "படி, நாங்களும் கேக்குறோம்."

வெள்ளத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். கடையில் சாமான் விலை சொல்கிற அதே குரலில் ஒவ்வோர் அணையாகப் படித்தார். மணிமுத்தாறு, சேர்வலாறு என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பெயர்களை முதல்முறையாகக் கேட்கும் பெண்கள் ஒவ்வொன்றுக்கும் "ஏறிச்சா?" என்று கேட்டார்கள்.

டீச்சர் வாசல் நிலையில் இன்லண்டை வைத்து அழுத்தி, கடைசி மடலில் எழுதினார். ‘யார் வருவார்கள் என்று கேட்டாய். லீவு போட்டுக்கொண்டு நீயே வந்து பார். வரும்போது குடம் ஒன்று கொண்டு வா, இல்லாவிட்டால் உள்ளே உட்கார இடம் கிடைக்காது. அம்மா.’ மைதாப் பசையை விரலால் தொட்டு ஓரத்தில் தடவி மூடினார். வெள்ளத்துரையின் இரண்டு கையிலும் தாள் இருந்ததால் அவர் சட்டைப் பையில் தானே செருகினார்.

"போற வழியில தபால் பெட்டியில போட்டுடு."

வெள்ளத்துரை பைக்குள் குனிந்து பார்த்தார். முகவரியில் பீம்ராவ் பெயர் தெரிந்தது. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அறை ஒரே நொடியில் எழுந்தது. தாள்கள் சாய்வுக்குத் திரும்பின, பாய் காலடியில் சுருண்டது, வாசலில் முட்டிமோதிக்கொண்டு பெண்கள் வெளியே பாய்ந்தார்கள். "யாருடி அது என் முந்தானைய மிதிக்கிறது" என்ற சத்தம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. குடங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டியை நோக்கி நகர்ந்தன. மூலையில் டீச்சரின் பச்சைக் குடம் மட்டும் நிற்க, சுவர் ஓரம் காலியாயிற்று. படிக்கட்டு வரை வண்டி வருகிற அளவுக்கு வழி திறந்து கிடந்தது.

"மொதலாளி" என்று வெளியிலிருந்து கூப்பிட்டான் ரோஷன். "வழி கிளியரா கீது. எறக்கவா?"

வெள்ளத்துரை தலையைத் தூக்கவில்லை. "அவசரப்படாதல. கடைக்கே கொண்டு போயிரலாம்" என்றார். பத்தி முடிந்தது. மீதியைப் பார்க்கக் கட்டையைத் திருப்பப் போனார்.

தாளுக்கு அந்தப் புறத்திலிருந்து குரல் வந்தது. "திருப்பாதே. கடைசிப் பத்தி பாக்கி."

தொட்டியடியில் டீச்சரின் பச்சைக் குடத்துக்கு முறை வந்து, குப்பம்மா அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். வெள்ளத்துரை கட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஆடாமல் நின்றார்.